ஒரு கார், இரண்டு டூவீலர்: சர்வீஸ், இன்சூரன்ஸ் தேதிகளை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

மூணுவண்டி, கோவை (10 செப்டம்பர் 2025)

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு கார் (1,197 சிசி, 2023 பிப்ரவரி 14 அன்று எடுத்தது), என்னுடைய பைக் (2023 ஜூலை 22), மனைவியின் ஸ்கூட்டர் (2017). மூன்றுக்கும் இன்சூரன்ஸ், சர்வீஸ், புகைச் சான்று என்று தனித்தனியாகத் தேதிகள் ஓடுகின்றன. காருக்கு அடுத்த சர்வீஸ் எப்போது என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். பைக்கும் ஸ்கூட்டரும் ஞாபகத்தில்தான் ஓடுகின்றன.

கார் இன்சூரன்ஸ் பிப்ரவரியில், ஸ்கூட்டருக்கு டிசம்பர் 2-இல் முடிகிறது. பைக்குக்கு 2028 வரை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. நோட்டா, செயலியா, எக்ஸெல்லா? நடைமுறையில் எது நிலைத்து நிற்கிறது என்று சொல்லுங்கள்.

நெல்லைக்காரி

எங்கள் வீட்டில் சமையலறை மாதக் காலண்டர்தான். சிலிண்டர் பதிந்த தேதி, பால் கணக்கு எல்லாம் இருக்கும் அதே காலண்டர். வண்டி நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைச் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். காலாவதி தேதியில் எழுத மாட்டேன், அதற்கு முந்தைய மாதம் 10-ஆம் தேதிக் கட்டத்தில் எழுதுவேன். வீட்டுக்காரருக்குப் போனில் நினைவூட்டல் வந்தால் விரலால் ஒரு தள்ளு, காணாமல் போய்விடும். சுவரில் இருப்பதைத் தள்ள முடியாதே. ஜனவரியில் புதுக் காலண்டர் வந்ததும் பழையதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

ஓய்வுபெற்ற சர்வேயர்

மூணுவண்டி சார், எதில் குறிப்பது என்பதை அப்புறம் பேசலாம். பைக்குக்கு 2028 வரை இருக்கிறது என்றீர்களே, அந்தப் பாலிசித் தாளை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அதில் இரண்டு காலம் தனித்தனியாகப் போட்டிருக்கும்.

2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்ற புது வண்டிகளுக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும். காருக்கு 3 வருஷம், டூவீலருக்கு 5 வருஷம். உங்கள் 2028 அந்தத் தேதி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஓன் டேமேஜ் பகுதி, ஷோரூமில் அதோடு சேர்த்துக் கொடுக்கும்போது வழக்கமாக ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். அதை வருஷா வருஷம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் 2024 ஜூலையில் ஏதாவது பணம் கட்டினீர்களா?

அதே தாளில் மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கலாம். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. சிலருக்கு ஒரு வருஷத்துக்குப் போட்டிருப்பார்கள், சிலருக்கு 5 வருஷத்துக்கு.

மூணுவண்டி, கோவை

தாளைப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்னது சரி. தேர்ட் பார்ட்டி 2028 ஜூலை 21 வரை. போன வருஷம் ஷோரூமிலிருந்து கூப்பிட்டார்கள், பணம் கட்டியிருக்கிறேன். அந்த ஓன் டேமேஜ் 2025 ஜூலை 21-இல் முடிந்திருக்கிறது. இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பாலிசியில் இருக்கும் போன் நம்பரைப் பார்த்தால் அது என்னுடையதே இல்லை! mParivahan செயலியில் 2028 என்று ஒரே தேதிதான் காட்டுகிறது, அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

டாப்கியர் தம்பி

டென்ஷன் ஆகாதீங்க அண்ணா. 90 நாள் கிரேஸ் பீரியட் இருக்கு. அதுக்குள்ள கட்டிட்டா பாலிசி தொடர்ச்சியா இருந்த மாதிரிதான். அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு.

ஓய்வுபெற்ற சர்வேயர்

தம்பி சொன்ன 90 நாள் உண்மைதான், ஆனால் அது காப்பீட்டுக்கான அவகாசம் இல்லை. கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்குத் தரும் தள்ளுபடியை, அதாவது நோ கிளெய்ம் போனஸை, இழக்காமல் இருக்கத் தரும் அவகாசம். ஜூலை 22 முதல் இன்று வரை அந்த பைக் திருட்டுப் போயிருந்தால் ஒரு ரூபாய் வந்திருக்காது. பணம் கட்டி அதற்குப் பின் பாலிசி தொடங்கும் நேரத்திலிருந்துதான் காப்பு. நடுவில் போன 51 நாளுக்குப் பின்தேதியிட்டு எதுவும் கிடைக்காது.

இவர் கணக்கையே பார்ப்போம். ஜூலை 21-இலிருந்து 90 நாள் என்றால் அக்டோபர் 19. இரண்டு வருஷம் கிளெய்ம் இல்லை என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. முதல் வருஷ முடிவில் 20, அடுத்து 25, அப்புறம் 35, 45, 50 என்று ஏறும். அக்டோபர் 19-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். தள்ளுபடி ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான் என்பதால் பைக்கில் இதன் மதிப்பு சில நூறு ரூபாய். காரில்தான் வலிக்கும். காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கிளெய்ம் இல்லாமல் வரும் பிப்ரவரியில் 35 சதவீதம் கிடைத்தால் 3,150 ரூபாய் குறைகிறது. மறந்துவிட்டு மே 14-ஐத் தாண்டினால் அந்த 3,150 போச்சு, அடுத்த வருஷம் 20-இலிருந்து ஏறத் தொடங்க வேண்டும்.

காருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு நாள் தாமதமானாலும் பெரும்பாலும் வண்டியைச் சோதிக்காமல் ஓன் டேமேஜ் தர மாட்டார்கள். இப்போது போனுக்கு ஒரு லிங்க் அனுப்பி, வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பாலிசி தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் நெளிசல், கீறல் எல்லாம் பதிவாகிவிடும், பிறகு அதற்குக் கிளெய்ம் கிடையாது. டூவீலரில் இவ்வளவு கெடுபிடி பொதுவாக இருக்காது.

மூணுவண்டி, கோவை

அப்படியென்றால் போலீஸ் பிடித்தால்?

ஓய்வுபெற்ற சர்வேயர்

பைக்குக்குப் பிரச்சினை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான், உங்களுக்கு அது 2028 வரை இருக்கிறது. ஓன் டேமேஜ் நம் விருப்பம். அதனால்தான் அது முடிந்ததை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. காரில் அப்படி இல்லை. உங்கள் காரின் 3 வருஷத் தேர்ட் பார்ட்டியும் 2026 பிப்ரவரி 13-இல் முடிகிறது. அதைத் தாண்டி ரோட்டில் எடுத்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடித்தால் 4,000. அபராதமாவது போகட்டும், யார் மீதாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்.

இதையும் இப்போதே எழுதி வையுங்கள்: வரும் பிப்ரவரியில் கார் பிரீமியம் திடீரென்று கூடும். இரண்டு வருஷமாக ஓன் டேமேஜ் மட்டும் கட்டி வந்தீர்கள். இனி தேர்ட் பார்ட்டியும் சேரும். 1,000-க்கு மேல் 1,500 சிசி வரைக்கும் 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 3,416 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு சுமார் 4,030. அது எந்த கம்பெனியிலும் ஒன்றுதான். விலை ஏற்றிவிட்டார்கள் என்று கம்பெனி கம்பெனியாக அலையும்போது ஓன் டேமேஜ் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

குளித்தலை பாஸ்கர்

எனக்கும் இதே பிரச்சினை. அப்பா பெயரில் இருக்கும் பைக்கை நான் ஓட்டுகிறேன். அப்பா ஜூன் கடைசியில் தவறிவிட்டார். இன்சூரன்ஸ் அடுத்த மார்ச் வரை இருக்கிறது. புதுப்பிக்கும்போது என் பெயர் போட்டுக்கொள்ளலாம்தானே?

ஓய்வுபெற்ற சர்வேயர்

வருந்துகிறேன் தம்பி. உங்கள் விஷயம் இவர் கேட்டதிலிருந்து வேறு, ஆனால் அவசரம். உரிமையாளர் இறந்தால் பாலிசி உடனே செத்துவிடாது. இறந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் நிற்கும். ஆக மார்ச்சை நம்பாதீர்கள், உங்களுக்குச் செப்டம்பர் கடைசிதான் கணக்கு. அதற்குள் இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசியோடு கம்பெனிக்கு எழுதுங்கள். ஆர்டிஓ-வில் ஆர்சி பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இரண்டையும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். மேற்கொண்டு கேட்க வேண்டுமென்றால் தனி இழை போடுங்கள், பார்க்கிறேன்.

எக்ஸெல் சுமதி

நான் சர்வீஸ் பக்கத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸுக்கு நிலையான தேதி இருக்கிறது, காலண்டர் போதும். நெல்லைக்காரி அக்கா முறையே அதற்குச் சரி. சர்வீஸ் அப்படி இல்லை. "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலோ அது" என்றுதான் கையேட்டில் இருக்கும். கிலோமீட்டர் எந்தத் தேதியில் நிரம்பும் என்று காலண்டருக்குத் தெரியாது. அதற்கு மட்டும் கூகுள் ஷீட்டில் ஒரு வரி கணக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு வண்டிக்கு ஒரு வரிசை. A-யில் வண்டி, B-யில் கடைசி சர்வீஸ் தேதி, C-யில் அன்றைய கி.மீ., D-யில் கையேடு சொல்லும் மாதம், E-யில் கையேடு சொல்லும் கி.மீ., F-இல் இப்போதைய மீட்டர், G-யில் அதைப் பார்த்த தேதி. H-இல் இது:

```
=IFERROR(MIN(EDATE(B2,D2), B2+E2*(G2-B2)/(F2-C2)), EDATE(B2,D2))
```

சர்வீஸுக்குப் பிறகு வண்டி என்ன வேகத்தில் கிலோமீட்டர் சேர்க்கிறதோ அதை வைத்து, E-யில் உள்ள தூரம் நிரம்பும் தேதியைக் கணிக்கிறது. மாதக் கணக்குத் தேதியோடு ஒப்பிட்டு முந்தியதைக் காட்டும். சர்வீஸ் முடிந்த அன்று F-உம் C-யும் ஒன்றாக இருக்கும், அப்போது பூஜ்யத்தால் வகுக்கப் பார்க்கும். IFERROR அதற்காக. H-இல் ஏதோ ஐந்து இலக்க எண் வந்தால் பயப்படாதீர்கள், அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும்.

மூணுவண்டி சார், உங்கள் மூன்று வண்டிக்கும் கடைசி சர்வீஸ் விவரமும் இன்றைய மீட்டரும் போடுங்கள், ஓட்டிப் பார்த்துவிடலாம்.

மூணுவண்டி, கோவை

கார்: 2025 மார்ச் 10, 28,400 கி.மீ. இன்று 31,900. கையேட்டில் 12 மாதம் அல்லது 10,000.

பைக்: ஜூலை 1, 26,200. இன்று 28,900. கையேட்டில் 6 மாதம் அல்லது 5,000.

ஸ்கூட்டர்: ஜூன் 5, 8,100. இன்று 8,820. இதற்கும் 6 மாதம் அல்லது 5,000.

எக்ஸெல் சுமதி

கார் 184 நாளில் 3,500 ஓடியிருக்கிறது. இந்த வேகத்தில் 10,000 நிரம்ப 526 நாள் ஆகும், அதனால் மாதக் கணக்குதான் முந்துகிறது: 2026 மார்ச் 10. உங்கள் கண்ணாடி ஸ்டிக்கரில் 38,400 என்று பெரிதாக எழுதி, தேதியைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். மீட்டரை மட்டும் பார்த்தால் அடுத்த ஆகஸ்ட் வரை போகாமல் இருப்பீர்கள்.

பைக் நேர்மாறு. 71 நாளில் 2,700. 5,000 நிரம்ப 131 நாள், நவம்பர் 9. ஆறு மாதம் என்று ஜனவரி 1 வரை காத்திருந்தால் கிட்டத்தட்ட 2,000 கி.மீ. கூடுதலாகப் பழைய ஆயிலில் ஓடியிருக்கும்.

ஸ்கூட்டருக்கு டிசம்பர் 5.

இதில் ஒரு பலவீனம் உண்டு. மீட்டர் எண்ணை யாராவது போட்டால்தான் கணக்கு உயிரோடு இருக்கும். எங்கள் வீட்டில் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஓட்டுகிறவர் மீட்டரைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். தேதி தானாகப் பதிவாகிவிடும். என்றாவது உட்கார்ந்து நான் ஷீட்டில் ஏற்றுவேன். பையன் கல்லூரிக்கு பைக் எடுக்க ஆரம்பித்த மாதம் தேதி இரண்டு வாரம் முன்னால் வந்துவிட்டது, அதிலிருந்துதான் அவன் எவ்வளவு சுற்றுகிறான் என்பதே தெரிந்தது. அது தனிக்கதை.

டாப்கியர் தம்பி

அக்கா, ஸ்கூட்டர் 97 நாள்ல 720 கி.மீ.தான் ஓடியிருக்கு. இதுக்குப் போய் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணுமா? கி.மீ. வரட்டும்னு விடலாமே. கம்பெனிக்காரன் காசு பண்ண எழுதி வைக்கிறான்.

செல்வம் ஒர்க்ஷாப்

தம்பி, குறைய ஓடுகிற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், திரும்பி ஒரு கிலோமீட்டர். இன்ஜின் முழுச்சூடு ஆவதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே படிகிற ஈரம் ஆவியாகிப் போக நேரமே இல்லை, பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். மழைக்காலம் முடிந்து வருகிற இந்த மாதிரி வண்டிகளில் ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் உள்பக்கம் பால் காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். விரலில் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். நீங்களே திறந்து பார்க்கலாம். மூடியில் லேசாக இருந்தால் ஆயில் மாற்றி, வாரம் ஒரு தடவை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் சரியாகிவிடும். ஆயில் மொத்தமுமே அந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஓட்டாமல் கொண்டு வாருங்கள்.

சுமதி மேடத்தின் கணக்கில் வராத ஒன்று பிரேக் ஆயில். அது கிலோமீட்டரைப் பார்க்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டி சும்மா நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் கைப்பிடி பக்கத்துக் குப்பியின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தால் புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், பழையது டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். மூணுவண்டி சார் பைக் 2023, காரும் 2023. மாற்றியிருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். சர்வீஸ் செய்தோம் என்றால் இதையும் மாற்றிவிட்டோம் என்று அர்த்தமில்லை. இதற்கு ஷீட்டில் தனி வரிசை போடுங்கள்.

எக்ஸெல் சுமதி

நன்றி அண்ணா. இரண்டு வருஷ வேலைகளுக்கு D-யில் 24 போட்டு, E-யில் எட்ட முடியாத பெரிய எண்ணைப் போட்டுவிடுகிறேன். தேதி மட்டும் வேலை செய்யும்.

மூணுவண்டி, கோவை (12 செப்டம்பர் 2025)

பைக்கின் ஓன் டேமேஜ் புதுப்பித்துவிட்டேன். தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில், இது இன்னொரு கம்பெனியில். நடப்பிலுள்ள தேர்ட் பார்ட்டி விவரமும் பழைய பாலிசியின் நகலும் கேட்டார்கள். 25 சதவீதம் தள்ளுபடி வந்திருக்கிறது. போன் நம்பர், மின்னஞ்சல் இரண்டையும் என்னுடையதாகப் போட்டிருக்கிறேன். கார் பாலிசியைத் திறந்து பார்த்தால் அதிலும் ஷோரூம் ஏஜெண்டின் நம்பர்தான். அதை மாற்ற எழுதியிருக்கிறேன்.

இனி ஷீட்டில் இன்சூரன்ஸுக்கு ஒரு கட்டம் இல்லை, மூன்று: தேர்ட் பார்ட்டி, ஓன் டேமேஜ், விபத்துக் காப்பீடு. புகைச் சான்றுக்கு நான்காவது கட்டம். மூன்று வண்டியும் பிஎஸ்4, பிஎஸ்6 என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

சர்வேயர் சார், இரண்டு சந்தேகம். காரும் பைக்கும் என் பெயரில். 15 லட்ச விபத்துக் காப்பீட்டுக்கு இரண்டிலும் கட்ட வேண்டுமா? டிசம்பரில் ஸ்கூட்டருக்கு ஓன் டேமேஜ் வேண்டுமா? எட்டு வருஷ வண்டி.

ஓய்வுபெற்ற சர்வேயர்

விபத்துக் காப்பீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஒன்று நடப்பில் இருந்தால் உங்கள் பெயரிலுள்ள மற்ற வண்டிக்கு வேண்டாம் என்று அறிவித்துவிடலாம். ஆனால் எந்தப் பாலிசியில் வைத்திருக்கிறீர்களோ அது முடியும் தேதியைக் கவனியுங்கள். ஸ்கூட்டர் மனைவி பெயரில் என்றால் அவருக்குத் தனியாக வேண்டும், அவரிடம் லைசென்ஸ் இருக்கும் பட்சத்தில்.

ஸ்கூட்டர் ஓன் டேமேஜ் வேண்டாம் என்பேன். 5 முதல் 10 வருஷ வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஸ்கூட்டர் விழுந்தால் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக். தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டுங்கள். 75-க்கு மேல் 150 சிசி வரைக்கும் 714, ஜிஎஸ்டியோடு சுமார் 843 ரூபாய்.

நெல்லைக்காரி

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். பழைய ஸ்கூட்டருக்கு விபத்தைவிடத் திருட்டுதான் பயம். எங்கள் தெருவில் போனது எல்லாமே பழைய வண்டி, புது வண்டிக்காரர்கள் உள்ளே பூட்டி வைக்கிறார்கள். திருட்டுக்குப் பாலிசியில் எழுதியிருக்கும் வண்டி மதிப்பு வருமே. வருஷத்துக்குச் சில நூறு கூடுதலாகப் போனால் போகட்டும் என்று நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

வரும்தான் அம்மா. முழுத் திருட்டுக்குப் பாகவாரியாகத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், பாலிசி மதிப்பிலிருந்து கட்டாயக் கழிவு நூறு ரூபாய் போக மீதி வரும். ஆனால் அந்த மதிப்பே எட்டு வருஷ வண்டிக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்று பாருங்கள். எஃப்ஐஆர், இரண்டு சாவியும் ஒப்படைப்பது, போலீஸின் கண்டுபிடிக்க முடியவில்லை அறிக்கை, ஆர்சி மாற்றம் என்று அலைய வேண்டும். அலையத் தயார் என்றால் கட்டலாம்.

மூணுவண்டி, கோவை

இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார். டிசம்பருக்குள் கிடைத்தால் ஓன் டேமேஜ் பற்றி யோசிக்கிறேன்.